பிறர் காகிதம் நம் கையில்

தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றின் மாலை. சிலுவைப்பாதை முடிந்து நாம் வீடு திரும்பிய சற்று நேரத்திற்கெல்லாம், நம் பங்கைச் சேர்ந்த அம்மையார் ஒருவர் மஞ்சள் பை ஒன்றை மார்போடு அணைத்தவராய் வாசலில் வந்து நின்றார். பைக்குள் ஒரு மருத்துவமனைக் கோப்பு இருந்தது.

"ஐயா, மருமகள் நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு நேற்றுத்தான் வந்தாள். எல்லாம் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மகன் வெளிநாட்டில் இருக்கிறான். என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் எழுதித் தந்தீர்களானால் வீட்டில் பெரியவர்களுக்குப் படித்துக் காட்டுவேன்" என்றார்.

பணி ஓய்வுக்குப் பின் நாம் செய்துவரும் சிறு தொழில் இதுதான். வங்கிக் கடிதம், நீதிமன்ற அறிவிப்பு, வெளிநாட்டு வேலை ஒப்பந்தம், மருத்துவக் கோப்பு என்று எது வந்தாலும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும், தமிழிலிருந்து ஆங்கிலத்திற்கும் பெயர்த்துத் தருகிறோம். இவ்வேலையில் மொழியறிவு பாதிதான். மறுபாதி என்னவென்பதை அந்த மாலை நமக்குக் கற்றுத் தந்தது. அதைத்தான் இங்கே எழுதப் போகிறோம்.

எழுதுமுன் ஒன்று சொல்லிவிட வேண்டும். பிறர் காகிதத்தைப் பற்றி வாய் திறவாதிருப்பதைக் குறித்து எழுத வந்தவர், பிறர் கதையை ஊரறியச் சொல்கிறாரே என்று வாசகர்கள் எண்ணக்கூடும். இதில் வரும் அம்மையாருக்கும் அவர் மருமகளுக்கும் இக்கட்டுரை முழுவதையும் வாசித்துக் காட்டினோம். இருவரும் "போடலாம்" என்று சொன்ன பிறகே அச்சுக்குக் கொடுத்தோம். அன்று மறைவாயிருந்தவை இன்று அவர்கள் வீட்டில் மறைவானவை அல்ல. ஆயினும் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

அன்று நாம் செய்த முதற்பிழை, கோப்பை வாங்கியவுடன் திறந்ததே. எத்தனை பக்கம், கையெழுத்துப் புரிகிறதா, கூலி என்ன சொல்வது என்று பார்க்கும் பழக்கத்தால் திறந்துவிட்டோம். ஆறு தாள்கள். மேலே இருந்தது, மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது தரும் விடுகைச் சுருக்கம். அதன் முதல் பத்தியிலேயே கண் போய் விழுந்தது. 'ஜி 2, பி 0, ஏ 1' என்று ஒரு குறிப்பு.

மகப்பேற்று மருத்துவர்கள் ஒரு பெண்ணின் கர்ப்ப வரலாற்றை இவ்வாறு மூன்றே எழுத்துகளில் சுருக்கி எழுதுவார்கள். 'ஜி' என்பது இப்போதைய கர்ப்பத்தையும் சேர்த்து அவர் எத்தனை முறை கருவுற்றார் என்பதைக் காட்டும். 'பி' என்பது, பிழைக்கத்தக்க அளவு வளர்ந்து பிறந்த பேறுகளின் எண்ணிக்கை. 'ஏ' என்பது அந்த அளவு வளருமுன்னரே முடிந்துபோன கர்ப்பங்களின் எண்ணிக்கை. ஆகவே அந்தக் குறிப்பின் பொருள், இது அப்பெண்ணின் இரண்டாவது கர்ப்பம், முதலாவது முடிவடையாமல் போயிற்று என்பதாகும். நம் முன்னே நின்ற அம்மையாரோ, "தலைச்சன் கர்ப்பம் ஐயா, அதனால்தான் பயமாக இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த 'ஏ' என்னும் எழுத்தில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. அது குறிக்கும் ஆங்கிலச் சொல்லைப் பொதுமக்கள் கருக்கலைப்பு என்றே புரிந்துகொள்கிறார்கள். மருத்துவ ஏட்டிலோ, கரு தானே சிதைந்தாலும், பிறர் கலைத்தாலும் அதே சொல்தான். தானே சிதைவது கருச்சிதைவு. பிறர் செய்வது கருக்கலைப்பு. தமிழில் இவற்றுக்கு இரு சொற்கள் உண்டு. எது நிகழ்ந்தது என்று அந்த ஓர் எழுத்தைக் கொண்டு யாராலும் சொல்ல இயலாது. அகராதியைப் புரட்டி முதலில் கிடைக்கும் சொல்லை எழுதிவிடுகிற மொழிபெயர்ப்பாளர், இல்லாத பழியொன்றைத் தம் பேனாவாலேயே ஒரு பெண்ணின் தலையில் ஏற்றிவிடுவார். இதனைத் தமிழாக்க நேர்ந்தால், 'முன்னர் முழுமை பெறாத கர்ப்பம் 1' என்று எழுதுவதே மூலத்திற்கு உண்மையாயிருப்பதாகும்.

கோப்பை மூடினோம். "அம்மா, இது உங்கள் மருமகள் பெயரில் இருக்கிற காகிதம். அவரே வந்து கேட்டால் எழுதித் தருகிறோம்" என்றோம்.

அவர் முகம் மாறிவிட்டது. "இத்தனை நேரம் பார்த்தீர்கள். பார்த்தபிறகு மாட்டேன் என்கிறீர்கள். அப்படியானால் அதில் ஏதோ இருக்கிறது. என்ன ஐயா இருக்கிறது?" என்று கேட்டார்.

நாம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆயினும் சொல்லிவிட்டோம். பார்க்குமுன் மறுத்திருந்தால் அந்த மறுப்புக்கு ஒரு பொருளும் இராது. பார்த்தபின் மறுத்ததால் மறுப்பே செய்தியாகிவிட்டது. "எங்கள் சொந்தத் தங்கையின் காகிதமாயிருந்தாலும் இப்படித்தான் சொல்வோம்" என்று என்னென்னவோ சமாதானம் கூறினோம். அவர் நம்பவில்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவருக்குப் பின்னால் வாசலில் நின்றபோது, ஒரு வீட்டில் நாம் தீ வைத்துவிட்டோமோ என்ற கலக்கமே மிஞ்சியது.

அன்றுமுதல் நம் மேசைக்கு ஒரு முறை வந்தது. உறை மேசைமேல் வைக்கப்பட்டவுடன், அதைத் தொடுவதற்கு முன்பே, "யார் பெயரில் இருக்கும் காகிதம்?" என்று கேட்கிறோம். கொண்டுவந்தவர் தமதென்றால் வாங்குகிறோம். பிறருடையது என்றால், அவரே வரவேண்டும், வர இயலாத நோயாளியாயிருந்தால் இன்னாரிடம் கொடுத்தனுப்புகிறேன், இதை இன்னாரிடம் தரலாம் என்று இரண்டு வரி எழுதிக் கையொப்பமிட்டுத் தரவேண்டும். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளுக்குப் பெற்றோர் எழுதித் தரலாம். கணவன் காகிதத்தை மனைவி கொண்டுவந்தாலும், தந்தை காகிதத்தை மகன் கொண்டுவந்தாலும் இதுதான் முறை. பங்குத்தந்தை அனுப்பினார் என்று வந்தவர்களிடமும் இதையே கேட்டிருக்கிறோம். எல்லாரிடமும், எல்லாக் காகிதத்திற்கும், திறக்குமுன்பே கேட்பதால், எவருடைய மறுப்பிலிருந்தும் எவரும் எதையும் ஊகிக்க முடிவதில்லை. இதனால் வேலை சில நம்மைவிட்டுப் போயிருக்கிறது. அது போகட்டும்.

நான்கு நாள் கழித்து அந்த மருமகளே வந்தார். கூடவே அவருடைய சித்தி வந்திருந்தார். வீட்டில் பெரிய விசாரணையே நடந்துவிட்டது போலும். "அத்தை கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள் ஐயா. நான்தான் போகாதீர்கள், நானே போய் எழுதி வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்" என்றார். திருமணமான புதிதில் கணவரோடு வெளிநாட்டில் இருந்தபோது எட்டாவது வாரத்திலேயே கரு சிதைந்துபோனது. ஊரில் வீணாகக் கவலைப்படுவார்கள் என்று கணவனும் மனைவியும் பேசி முடிவுசெய்து ஒருவருக்கும் சொல்லவில்லை. இவ்வளவுதான் அந்த இரகசியம். நாம் கேட்கவில்லை, அவரே சொன்னார்.

பிறகு அவர் கேட்டது, இத்தொழிலில் இருப்பவர்கள் எல்லாரும் என்றாவது ஒருநாள் எதிர்கொள்ளும் கேள்வி. "அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எழுதித் தரமுடியுமா ஐயா?"

முடியாது என்றோம். முழு ஆவணத்தின் மொழிபெயர்ப்பு என்று தலைப்பிட்டுக் கீழே கையெழுத்தும் போட்டுவிட்டு, உள்ளே ஒரு வரியைச் சத்தமில்லாமல் நீக்கினால் அது பொய்யாவணம். அதோடு முடிவதுமில்லை. நாளை அவசரத்தில் வேறொரு மருத்துவரோ செவிலியரோ அந்தத் தமிழ்த் தாளை நம்பி நடக்க நேர்ந்தால், முன்பு ஒரு கரு சிதைந்திருக்கிறது என்ற செய்தி அவருக்குக் கிடைக்காமல் போகும். அது தாயின் உயிரோடும் சேயின் உயிரோடும் விளையாடுவது. சொல்லக் கூடாததைச் சொல்லாதிருப்பது ஒரு கடமை. உள்ளதைக் குறைக்காதிருப்பது இன்னொரு கடமை. இரண்டும் ஒரே தாளில் மோதிக்கொண்டன.

வழி ஒன்று இருக்கத்தான் செய்தது. எதை மொழிபெயர்ப்பது, எதை வேண்டாமென விடுவது என்று தீர்மானிக்கும் உரிமை காகிதத்தின் சொந்தக்காரருக்கு உண்டு, மொழிபெயர்ப்பாளருக்குத்தான் இல்லை. அந்த வீட்டாருக்கு உண்மையில் தேவைப்பட்டது என்ன? எத்தனை நாள் படுக்கையில் இருக்க வேண்டும், எதைத் தூக்கக் கூடாது, எந்த மாத்திரை எந்நேரத்தில், எந்த அறிகுறி கண்டால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும், அடுத்து எந்த நாளில் காட்ட வேண்டும். இவையெல்லாம் இரண்டாம் பக்கத்தில் அறிவுரைகள் என்ற தலைப்பின்கீழ்த் தனியே இருந்தன. ஆகவே, 'விடுகைச் சுருக்கத்தின் இரண்டாம் பக்கத்திலுள்ள அறிவுரைப் பகுதியின் தமிழாக்கம். பிற பகுதிகள் இதில் சேரவில்லை' என்று முதல் வரியிலேயே எழுதி, அந்தப் பகுதியை ஒரு சொல்லும் குறையாமல் தமிழாக்கித் தந்தோம். மருத்துவருக்குக் காட்ட ஆங்கில மூலமே போதும், அவருக்குத் தமிழாக்கம் வேண்டியதில்லை. பகுதி என்று வெளிப்படையாகச் சொல்லப்பட்ட பகுதி எவரையும் ஏமாற்றுவதில்லை.

தாளை உறையிலிட்டு ஒட்டி அவர் கையிலேயே கொடுத்தோம். அதன்பின் ஏறத்தாழ ஓராண்டு காலம் அந்த அம்மையார் கோயிலில் நம்மைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அவரைக் குறைசொல்வதற்கில்லை.

இத்தனைக்கும் அந்தக் குறிப்பின் பொருள் நமக்குத் தெரிந்திருந்தது. தெரியாதவை வரும்போது என்ன செய்வது? மருத்துவர்களின் சுருக்கெழுத்துகள் ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் தருபவை. 'பி.ஐ.டி.' என்றால் எலும்பு மருத்துவரின் ஏட்டில் முதுகெலும்பு வட்டு பிதுங்கியிருப்பது. அதே மூன்றெழுத்து மகளிர் மருத்துவரின் ஏட்டில் கருப்பை சார்ந்த உறுப்புகளின் அழற்சி. 'ஆர்.டி.ஐ.' என்பது ஓரிடத்தில் மூச்சுக்குழல் தொற்று, மற்றோரிடத்தில் இனப்பெருக்க உறுப்புத் தொற்று. முதுகுவலிக்காரியை வேறு நோய்க்காரியாக்க ஒரு தவறான விரிவு போதும். ஆகவே ஐயம் வந்தால் விவரமறிந்தவரைக் கேட்டே ஆகவேண்டும்.

கேட்பதில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். தெரிந்த செவிலியர் ஒருவருக்கு அந்தப் பக்கத்தை அப்படியே கைப்பேசியில் படம்பிடித்து அனுப்பி, "இது என்ன சிஸ்டர்?" என்று கேட்டுவிடுகிறார்கள். பக்கத்தின் தலையில் பெயர், வயது, முகவரி எல்லாம் இருக்கின்றன. அந்தச் செவிலியரும் அதே பங்கைச் சேர்ந்தவராகவே பெரும்பாலும் இருப்பார். நாம் செய்வது, "எலும்புப் பிரிவுக் கோப்பில், இடுப்பு வலி என்ற சொல்லுக்கு அடுத்து, பி.ஐ.டி. என்று வந்தால் என்ன பொருள்?" என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கேட்பது. எந்தப் பிரிவு, அக்கம்பக்கத்துச் சொல் எது என்ற இரண்டும் பொருளறியப் போதும். ஆணா பெண்ணா, எந்தத் தெரு, யார் வீட்டார் என்பவை வேண்டியதில்லை.

பெயரை மட்டும் மறைத்தால் போதுமென்று எண்ணுவதும் பிழை. "பெயர் சொல்லமாட்டேன், மேலத்தெருவில் போன மாதம் சிங்கப்பூரிலிருந்து வந்தவருக்கு…" என்று தொடங்கும் வாக்கியத்தில் பெயர் இல்லை, ஆனால் ஆள் இருக்கிறார். அமெரிக்க நாட்டில் மருத்துவ ஏடுகளின் மறைவைக் காக்கும் விதிகளில் இதற்கொரு கணக்கே வைத்திருக்கிறார்கள். அங்கே ஏட்டிலிருந்து ஆளின் அடையாளத்தை நீக்கும்போது அஞ்சல் குறியீட்டு எண்ணின் முதல் மூன்று இலக்கங்களை மட்டுமே விட்டுவைக்கலாம். அதுவும் அந்த மூன்று இலக்கங்களுக்குள் அடங்கும் பகுதிகளில் மொத்தம் 20,000 பேருக்கு மேல் வாழ்ந்தால்தான். அதற்குக் குறைந்தால் ஊரைக் கொண்டே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்பது அவர்கள் கணிப்பு. நம் கிளைக்கிராமம் ஒன்றில் எத்தனை குடும்பங்கள் என்று வாசகர்களே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

இடையில் நிற்கும் மொழிபெயர்ப்பாளரை இரகசியத்தில் கட்டிவைப்பது இன்று நேற்று வந்த எண்ணமன்று. திருச்சபைச் சட்டத்தில் இதற்கு ஓர் இடம் இருப்பதை வாசகர்களில் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். மொழி தெரியாத ஊரில் ஒருவர் மொழிபெயர்ப்பாளர் வழியாக ஒப்புரவு அருட்சாதனம் பெறலாம். குரு ஒப்புரவு இரகசியத்திற்குக் கட்டுப்பட்டவர் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த மொழிபெயர்ப்பாளரும் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர் என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 983-ஆம் எண் சொல்கிறது. மீறினால் தண்டனையும் உண்டு. சபை விலக்கம் வரையில் அது போகலாம். நம் நாட்டுச் சட்டத்திலும் இதன் சாயல் ஒன்று உண்டு. வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொன்னதை வெளியிடலாகாது என்ற விதி, அவருடைய மொழிபெயர்ப்பாளருக்கும் எழுத்தருக்கும் பொருந்தும் என்று 1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டமே கூறியது. 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் நடைமுறைக்கு வந்துள்ள புதிய சட்டமும் அதை விடாமல் வைத்திருக்கிறது.

ஆனால் இந்தப் பாதுகாப்பு, வழக்கறிஞருக்காக மொழிபெயர்ப்பவருக்கே உரியது. நம்மைப்போல் வீட்டில் அமர்ந்து எழுதித் தருகிறவரை நீதிமன்றம் அழைத்துச் சாட்சி சொல்லக் கேட்டால், "அது இரகசியம்" என்று மறுத்துவிட முடியாது. இதைக் காகிதம் கொண்டுவருகிறவரிடம் முன்னதாகவே சொல்லிவிடுவது நேர்மை. இன்னொரு விலக்கும் உண்டு. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை ஒன்று பாலியல் கொடுமைக்கு உள்ளாயிற்று என்று காகிதத்திலிருந்து தெரியவந்தால், அதைக் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டியது, அறிந்தவர் எவராயினும் அவருடைய கடமை என்று 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டம் விதிக்கிறது. தெரிவியாதவருக்குச் சிறைத்தண்டனைகூட உண்டு. இத்தகைய ஆவணம் நமக்கு இதுவரை வந்ததில்லை. வந்தால் வாய்மூடியிருக்கமாட்டோம் என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறோம். சட்டம் வாய்திறக்கச் சொல்லும் இடம் குறுகியது. அந்த இடத்தைக் காட்டி, மற்ற இடங்களிலும் பேசலாமென்று எண்ணிவிடக் கூடாது.

வாய் காப்பதைவிடக் கடினமானது தாளைக் காப்பது என்பதை நாம் பட்டே அறிந்தோம். ஒருமுறை, ஒருவருடைய கடன் பத்திரத் தமிழாக்கத்தை அச்செடுத்தபோது, மை சரியாகப் பிடிக்காமல் இரண்டு பக்கங்கள் வீணாயின. பின்புறம் வெள்ளையாக இருக்கிறதே என்று வழக்கம்போல் மேசையோரத்தில் போட்டு வைத்தோம். மறுநாள் நம் பேரன் அவற்றில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, பள்ளிப் பையில் செருகிக்கொண்டு போய்விட்டான். மாலையில் அவன் பையைத் துழாவியபோது ஒரு தாள் இருந்தது. மற்றொன்றைப் பக்கத்தில் அமர்ந்திருந்த பையனுக்குக் காற்றாடி செய்யக் கொடுத்துவிட்டானாம். அந்தப் பையனின் வீடு, கடன்பட்டவரின் வீட்டிலிருந்து நான்காவது வீடு. நாம் விளக்கு வைக்கும் நேரத்தில் அங்கே போய், "காற்றாடியைப் பார்க்கலாமா தம்பி?" என்று கேட்டு வாங்கி வந்த வெட்கத்தை இங்கே எழுதத்தான் வேண்டும். கடன்காரரிடமும் மறுநாள் போய் நடந்ததைச் சொன்னோம். நம் கவனக்குறைவால் அவர் பெயர் ஒரு நாள் முழுதும் தெருவில் அலைந்தது என்பதை அவர் அறியாமலிருப்பது முறையன்று. அவர் சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "சரி, இனிமேல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார்.

இப்போது வீணான தாளும், கையெழுத்து வரைவும் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் சேர்கின்றன. அதைப் பழைய பேப்பர்காரருக்குப் போடுவதில்லை. கடலைப் பொட்டலமாகவும், பஜ்ஜி மடித்த தாளாகவும் ஊருக்குள் உலாவந்த மருத்துவச் சீட்டுகளை எல்லாரும் பார்த்திருக்கிறோம். சனிக்கிழமைதோறும் குறுக்கும் நெடுக்குமாகக் கிழித்து நனைத்துக் கூழாக்கிவிடுகிறோம். நகலெடுக்கும் கடையில் கூட்டமில்லாத நேரம் பார்த்துப் போய், எந்திரத்தின் கண்ணாடியில் மூலத்தாள் தங்கிவிடாமல் கையோடு எடுத்து வருகிறோம். தட்டச்சு மையத்துக்குத் தந்து அடிக்கச் சொல்வதை நிறுத்திவிட்டோம். அங்கே அவர்கள் கணிப்பொறியில் கோப்பு தங்கிவிடுகிறது. அடுத்து வருபவர் திரையில் அதன் பெயரைப் பார்க்கிறார். 'இன்னாருடைய எய்ட்ஸ் அறிக்கை' என்று கோப்புக்குப் பெயரிட்டிருந்ததை நாமே ஓரிடத்தில் கண்டோம். உள்ளே திறக்க வேண்டிய தேவையே இல்லை. இத்தனைக்கும் எச்.ஐ.வி. தொற்றுப் பற்றி நம்பிக்கையின்பேரில் அறிந்ததை அவருடைய எழுத்துமூலமான ஒப்புதலின்றி எவரும் வெளியிடக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டிலேயே நம் நாடு தனிச் சட்டம் இயற்றியிருக்கிறது.

கைப்பேசியில் காகிதத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள் என்று சொல்வது வசதிதான். ஆயினும் அந்தப் படம் அனுப்பியவர் பேசியிலும் பெறுபவர் பேசியிலும் குடும்பப் படங்களோடு சேர்ந்து உட்கார்ந்துகொள்கிறது. ஞானஸ்நானப் படத்தைக் காட்டுகிறேன் என்று விரலால் தள்ளிக்கொண்டே போகையில் பிறருடைய இரத்தப் பரிசோதனை வந்து நிற்கும். வேறு வழியின்றி அப்படி வந்தால், தாளில் அச்செடுத்தவுடன் அந்தப் படத்தைப் பேசியிலிருந்தும், பேசி தானாகச் சேமித்து வைக்கும் இணையக் கிடங்கிலிருந்தும் நீக்கிவிடுகிறோம்.

இணையத்தில் இலவசமாக மொழிபெயர்த்துத் தரும் தளங்கள் இருக்கின்றனவே, பத்தியை அதில் ஒட்டிப் பார்த்தால் வேலை எளிதாகுமே என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்கு நார்வே நாட்டில் நடந்ததைச் சொல்வோம். 2017 செப்டம்பரில் அந்நாட்டுப் பொது ஒலிபரப்பு நிறுவனம் ஒரு செய்தியை வெளிக்கொணர்ந்தது. ஸ்டாட்டாயில் என்னும் பெரும் எண்ணெய் நிறுவனம் உட்பட, பலர் இலவச மொழிபெயர்ப்புத் தளம் ஒன்றில் ஒட்டிய உரைகள் அந்தத் தளத்திலேயே தங்கிவிட்டன. கூகுளில் தேடிய எவர் கண்ணிலும் அவை பட்டன. வேலைநீக்கக் கடிதங்களும், ஒப்பந்தங்களும், கடவுச்சொற்களும் அவற்றில் இருந்தன. திருடர் எவரும் உள்ளே நுழையவில்லை. மொழிபெயர்க்க வேண்டி அவர்களே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். தாம் ஒட்டிய பத்தி எங்கே போய் நிற்கிறது என்று அவர்கள் கேட்கவில்லை. நாம் ஐயமுள்ள ஒரு சொல்லை மட்டும் தேடிப் பார்ப்பதுண்டு. ஒருவரின் பத்தியை ஒட்டுவதில்லை.

முகத்தைத் திருப்பிக்கொண்டு போன அம்மையாரைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டோம். ஓராண்டுக்குப் பின் ஒருநாள் நண்பகலில், தெருவில் ஆள்நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்து அவர் வந்தார். கையில் அதே மஞ்சள் பை. நாம் வாய் திறக்குமுன், "என் பேரில் உள்ளதுதான் ஐயா, கேட்க வேண்டாம்" என்றார். உள்ளே வங்கி வைப்புத்தொகைக் கடிதம் ஒன்றும், கணக்கு அறிக்கை நான்கு பக்கமும் இருந்தன. தம் காலத்துக்குப் பின் பணம் யாருக்கென்று நியமித்திருக்கிறார் என்பதும், வட்டி எவ்வளவு என்பதும் ஆங்கிலத்தில் இருந்தன. அதைத் தமிழில் அறிந்துகொள்ள வேண்டும், ஆனால் ஆண்மக்கள் இருவருக்கும் தெரியக் கூடாது.

கணக்கு அறிக்கை என்பது மருத்துவக் கோப்பைவிடப் பேசும் காகிதம். ஒவ்வொரு வரியிலும் ஒரு நாள், ஒரு தொகை, பல வரிகளில் ஒரு பெயர். மாதந்தோறும் ஒரே நாளில் ஒரே பெயருக்கு ஐந்நூறு ரூபாய் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பெயர் நமக்குத் தெரிந்த பெயர். அவர் யார், ஏன் என்று கேட்கும் ஆசையை அடக்குவது சிரமமாகத்தான் இருந்தது. காகிதத்தின் சொந்தக்காரர் நம்மிடம் ஒப்படைத்தது தம்முடைய செய்தியை மட்டும். அந்தப் பெயருக்குரியவர் நம்மிடம் எதையும் ஒப்படைக்கவில்லை, தம் பெயர் நம் மேசையில் கிடப்பதே அவருக்குத் தெரியாது. "இந்த நான்கு பக்கமும் உங்களுக்கு வேண்டுமா அம்மா, அல்லது வைப்புத்தொகைக் கடிதம் போதுமா?" என்று கேட்டோம். கடிதம் போதும் என்றார். அறிக்கையை அப்படியே அவர் பையில் வைத்துவிட்டோம். தமிழாக்கத்தில் கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் எழுதி, 'முழு எண் மூலத்தில் காண்க' என்று பக்கத்தில் குறித்தோம். அவர் படித்தறியத்தானே கேட்டார், எவரிடமும் காட்டுவதற்கு அன்று.

நம் பதிவேட்டில் நாள், தாள்களின் எண்ணிக்கை, யாரிடம் கொடுத்தோம் என்ற மூன்றை மட்டும் எழுதிக் கையொப்பம் வாங்கினோம். என்ன காகிதம், எந்த வங்கி, எவ்வளவு பணம் என்பது அதில் ஏறுவதில்லை. அவர் உறையைப் பையில் வைத்துக்கொண்டும் எழுந்திருக்கவில்லை. மேசைமேல் கிடந்த நம் பென்சில் வரைவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தத் தாளை என்ன செய்வீர்கள் ஐயா?"

பிஸ்கட் டப்பாவைக் காட்டினோம். சனிக்கிழமை கூழாகிவிடும் என்றோம்.

"இன்றைக்குப் புதன்கிழமைதானே" என்றார் அவர். தாளைத் தாமே எடுத்து, எட்டாக, பதினாறாகக் கிழித்து, கொல்லைப்புறத்து வாளித் தண்ணீரில் போட்டுக் கையால் பிசைந்துவிட்டுப் போனார்.